எக்ஸ்சேஞ்சில் போன பழைய போன் டவுன்லோட் கணக்கில் மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி: “நெட்ஃபிளிக்ஸ் ஸ்டாண்டர்ட் பிளான் வைத்திருக்கிறேன். போன மாதம் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினேன். புது போனில் படம் டவுன்லோட் செய்யப் போனால், நிறைய டிவைஸில் டவுன்லோட் இருக்கிறது என்று சொல்லி மறுக்கிறது. மனைவி போனைத் தவிர வேறு எதிலும் இல்லை. பழைய போன் கையிலும் இல்லை. அப்பா வாரத்தில் பாதி நாள் ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் எங்கள் காபித் தோட்டத்தில் தங்குவார், அங்கே சிக்னல் சுத்தமாக இல்லை. அவர் டேபிலும் ஏற்றித் தர வேண்டும். என்ன செய்வது?”

சேலத்தில் பழைய போன் வாங்கி விற்கும் தொழிலில் பல வருடங்களாக இருக்கிறேன். போனைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் சில வாரம் கழித்துத் திரும்பி வந்து கேட்கும் கேள்விகளில் இது அடிக்கடி வருவது. கடைக்காரன் போனைச் சரியாக அழிக்கவில்லையோ என்ற சந்தேகத்தோடுதான் வருவார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். போனை முழுக்க அழித்ததால்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கலே வருகிறது.

டவுன்லோட் செய்த படம் உங்கள் போனில் சாதாரண வீடியோ ஃபைலாக இருப்பதில்லை. பூட்டிய ஃபைலாக இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி போனுக்குள் வேறொரு பாதுகாப்பான இடத்தில் தனியாக இருக்கிறது. ஆண்ட்ராய்டில் இந்த வேலையைச் செய்வது வைட்வைன் என்ற ஏற்பாடு, ஐபோனில் ஃபேர்பிளே. சாவியைக் கொடுக்கும்போதே கம்பெனியின் சர்வர், ‘இந்தக் கணக்கில் இந்த டிவைஸுக்குச் சாவி கொடுத்தோம்’ என்று தன் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஆப்புக்குள் போய் முறையாக டவுன்லோடை நீக்கினால், ‘சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்’ என்று போனிலிருந்து சர்வருக்கு ஒரு தகவல் போகும். அதற்குப் பிறகுதான் அங்கே பெயர் அடிபடும். ஃபேக்டரி ரீசெட் போட்டால் சாவியும் ஃபைலும் சேர்ந்தே அழிந்துவிடும், ஆனால் அந்தத் தகவல் போகாது. நூலகத்தில் எடுத்த புத்தகம் வீட்டில் தீப்பிடித்து எரிந்துபோனாலும், நூலகப் பதிவேட்டில் அது உங்கள் பேரில்தானே இருக்கும்? அதேதான் இங்கே. போன் சுத்தமாகிவிட்டது, பதிவேடு சுத்தமாகவில்லை.

அதனால் பழைய போனை வாங்கியவர் உங்கள் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற கவலை வேண்டாம். ரீசெட் ஆன போனில் எதுவும் மிச்சம் இல்லை. உங்களுக்கு நடந்திருப்பது ஒன்றே ஒன்று. ஸ்டாண்டர்ட் பிளானுக்கு டவுன்லோட் வைத்துக்கொள்ளக் கிடைக்கும் இடம் இரண்டு டிவைஸ். அதில் ஒன்று மனைவியின் போன், இன்னொன்று கையில் இல்லாத அந்தப் பழைய போன். புது போன் மூன்றாவது ஆளாக வந்து நிற்கிறது.

இங்கே பலரும் மூன்று வேறு வேறு கணக்குகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை திரையில் ஓட்டலாம் என்பது ஒரு கணக்கு. எத்தனை டிவைஸில் லாகின் ஆகியிருக்கிறீர்கள் என்பது இன்னொன்று. எத்தனை டிவைஸில் டவுன்லோட் இருக்கலாம் என்பது மூன்றாவது. உங்களைத் தடுத்து நிறுத்துவது மூன்றாவது கணக்குதான். டிவியில் லாகின் ஆகியிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அதனால் டிவியில் போய் வெளியேறி எந்தப் பயனும் இல்லை. ஒரே போனில் நீங்கள், மனைவி, பிள்ளை என்று மூன்று புரொஃபைல் இருந்து மூன்றிலும் டவுன்லோட் இருந்தாலும் அது ஒரே டிவைஸ்தான். எண்ணப்படுவது போன், ஆள் அல்ல.

பிளானுக்குப் பிளான் இந்த எண் மாறும். இந்தியாவில் 149 ரூபாய் மொபைல் பிளானுக்கும் 199 ரூபாய் பேசிக் பிளானுக்கும் ஒரு டிவைஸ்தான். 499 ரூபாய் ஸ்டாண்டர்டுக்கு இரண்டு. 649 ரூபாய் பிரீமியத்துக்கு ஆறு. பிரீமியத்துக்கு முன்பு நான்காக இருந்ததை 2023 தொடக்கத்தில் ஆறாக உயர்த்தினார்கள். ஸ்டாண்டர்டுக்கும் பிரீமியத்துக்கும் மாதம் 150 ரூபாய் வித்தியாசம், வருடத்துக்கு 1,800. உங்கள் வீட்டு நிலைக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பழைய போனை நீக்குவோம். இதற்கு அந்தப் போன் தேவையில்லை. ஆப்பில் தேடாமல், போனிலோ கம்ப்யூட்டரிலோ பிரவுசரைத் திறந்து netflix.com/account என்று போய் லாகின் ஆகுங்கள். அந்தக் கணக்குப் பக்கத்தில் “Manage download devices” என்று ஒன்று இருக்கும். பக்கத்தின் அமைப்பை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் இடம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். இந்தப் பெயரைத் தேடிப் பிடியுங்கள். உள்ளே போனால் டவுன்லோட் வைத்திருக்கும் டிவைஸ்கள் வரிசையாகத் தெரியும். பழையதைத் தேர்ந்தெடுத்து “Remove Device” கொடுத்தால் அந்த இடம் காலியாகும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் மனைவியின் போனை நீக்கிவிட்டு, அவர் ஏற்றி வைத்த படங்கள் காணோம் என்று வீட்டில் பாட்டு வாங்க வேண்டிவரும். ஆண்ட்ராய்டு போன்கள் பல சமயம் கடையில் சொல்லும் பேரில் தெரியாமல், எழுத்தும் எண்ணும் கலந்த மாடல் நம்பராகத் தெரியும். சாம்சங் என்றால் SM என்று ஆரம்பிக்கும். கையில் இருக்கும் ஒவ்வொரு போனிலும் செட்டிங்ஸில் “About phone” திறந்து மாடல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் எந்த நம்பர் உங்கள் வீட்டில் எதனோடும் பொருந்தவில்லையோ அதுதான் போன போன். இரண்டு பேரும் ஒரே மாடல் வைத்திருந்தால்தான் தலைவலி. அப்போது மனைவியின் போனில் இருப்பதை முதலில் ஆப்பிலிருந்தே நீக்குங்கள். நீக்கிய பிறகும் பட்டியலில் எது மிஞ்சி நிற்கிறதோ, அதை எடுத்துவிடலாம். மனைவிக்கு வேண்டுமானால் பிறகு மறுபடி ஏற்றிக்கொள்ளட்டும்.

கணக்குப் பக்கத்திலேயே “Manage access and devices” என்று இதைப் போலவே ஒலிக்கும் இன்னொன்றும் இருக்கிறது. நிறையப் பேர் அதற்குள் போய், எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, ‘இன்னும் வேலை செய்யவில்லை’ என்று வருகிறார்கள். அது லாகின் கணக்கு. கடைசியாக எந்த டிவைஸில், எப்போது, எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று காட்டி, அதிலிருந்து வெளியேற்றுவதற்கான இடம். போன் திருடுபோயிருந்தால் அங்கே போக வேண்டும், கூடவே பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். எக்ஸ்சேஞ்சில் கொடுத்த போனுக்கு டவுன்லோட் பக்கம் போதும். அங்கே போய்ப் பார்த்தால் சேலத்தில் உட்கார்ந்து பார்த்ததற்குச் சென்னை என்றோ கோயம்புத்தூர் என்றோ காட்டலாம். நெட் கம்பெனியின் இணைப்பு எந்த ஊர் வழியாக வெளியே போகிறதோ அந்த ஊரைக் காட்டும், அவ்வளவுதான். அதைப் பார்த்து யாரோ கணக்கில் நுழைந்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். டிவைஸ் பேரே உங்களுக்குத் தெரியாததாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

நீக்கியதும் புது போனில் ஆப்பை முழுவதுமாக மூடித் திறந்து ஒரு படத்தை இறக்கிப் பாருங்கள். அப்போதும் பழைய செய்தியே வந்தால், ஒருமுறை வெளியேறி மறுபடி லாகின் ஆகுங்கள்.

அடுத்தது அப்பாவின் டேப். பழைய போன் போனதும் உங்களுக்கு இரண்டு இடம்: ஒன்று மனைவியிடம், ஒன்று காலி. கேட்பவர்கள் இரண்டு பேர், உங்கள் புது போனும் அப்பாவின் டேபும். என்னைக் கேட்டால் ஒரு இடம் கண்டிப்பாக டேபுக்கு. சேலத்தில் வைஃபையும் சிக்னலும் இருக்கும் இடத்தில் நீங்களும் மனைவியும் டவுன்லோட் இல்லாமலே பார்த்துக்கொள்ளலாம். நாகலூர் பக்கத் தோட்டத்தில் அப்பாவுக்கு ஏற்றி வைத்ததை விட்டால் வேறு வழி இல்லை. மீதி ஒரு இடத்தை உங்கள் இருவரில் பஸ்ஸிலோ ரயிலிலோ அதிகம் போகிறவர் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்காக 1,800 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பானேன்?

மனைவியின் இடத்தை நீங்கள் எடுத்துக்கொள்வதாக முடிவானால், அவர் போனில் ஆப்பைத் திறந்து “My Netflix” போய், மேலே மூன்று கோடு இருக்கும் மெனுவில் “App Settings” உள்ளே “Delete All Downloads” கொடுங்கள். இரண்டு விஷயம் கவனம். ஒன்று, அப்போது போனில் நெட் ஓட வேண்டும். நெட் இல்லாமல் நீக்கினால் ஃபைல் போய்விடும், தகவல் சர்வருக்குப் போகாது, அடுத்து நெட் கிடைக்கும்வரை இடமும் காலியாகாது. ஆப்பையே அன்இன்ஸ்டால் செய்வதும் ரீசெட் மாதிரிதான், அதை வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அதே “App Settings” உள்ளே “Smart Downloads” என்று இருக்கும். அதில் “Download Next Episode” ஓடிக்கொண்டிருந்தால், இறக்கிய எபிசோடைப் பார்த்து முடித்ததும் அதை நீக்கிவிட்டு அடுத்ததைத் தானே இறக்கும். “Downloads for You” ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் கேட்காமலே அதுவாகச் சில படங்களை வைஃபையில் இறக்கி வைக்கும். ‘நான் ஒன்றுமே டவுன்லோட் செய்யலையே’ என்று சொல்கிறவர்களின் போனை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் ஆன் ஆகியிருக்கும். நீங்கள் எல்லாவற்றையும் நீக்கி, காலியான இடத்தில் அப்பாவின் டேபை ஏற்ற மறுநாள்வரை காத்திருந்தால், ராத்திரி வைஃபையில் மனைவியின் போன் தானாக ஒரு படத்தை இறக்கி அந்த இடத்தை மறுபடி பிடித்துவிடலாம். அதனால் நீக்குவதற்கு முன்பே இதை அணைத்துவிடுங்கள். நீக்கிய கையோடு டேபிலும் ஒரு படத்தை ஏற்றிவிடுங்கள்.

டேபை மலைக்கு அனுப்பிய பிறகு இன்னொரு தப்பு நடக்கும். வார நடுவில் உங்களுக்கு அவசரமாக ஒரு இடம் தேவைப்படும். ‘டேபை நீக்கிவிட்டு அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று கணக்குப் பக்கத்தில் அதை எடுத்துவிடுவீர்கள். அப்பாவுக்கு அன்று ஒன்றும் தெரியாது, ஏனென்றால் டேபுக்கு நெட் இல்லை, படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவர் ஏற்காடு டவுனுக்கு வந்து யாருடைய வைஃபையிலாவது டேபை இணைத்தாரோ, அப்போது டேபுக்குச் செய்தி போய்ச் சேரும், ஏற்றி வைத்ததெல்லாம் போய்விடும். அவர் வேறு ஏதோ அழுத்திவிட்டதாகத் தன்னையே திட்டிக்கொள்வார். டேப் கீழே வந்து உங்கள் கையில் இருக்கும் நாளில் மட்டும் இந்த மாற்றங்களைச் செய்யுங்கள்.

ஏற்றிய படங்களுக்கு ஆயுளும் உண்டு, அது படத்துக்குப் படம் வேறுபடும். சிலவற்றுக்குப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து 48 மணி நேரம்தான். டேபில் டவுன்லோட் பக்கத்தைத் திறந்தால், ஏழு நாளுக்குக் குறைவாக ஆயுள் இருக்கும் படங்களுக்குப் பக்கத்தில் மிச்ச நேரம் எழுதியிருக்கும். அப்பா கிளம்பும் நாளன்று காலையில், கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் போய் 20 கொண்டை ஊசி வளைவில் ஏறுவதற்கு முன்பே, அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆயுள் குறைந்ததை வீட்டு வைஃபையிலேயே புதுப்பித்துவிடலாம். மேலே போய்ப் பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு டிவைஸில் ஒரே நேரத்தில் 100 டவுன்லோட்வரை வைக்கலாம், ஆக எண்ணிக்கை அப்பாவுக்குத் தடையாக இருக்காது. டேபின் ஸ்டோரேஜ்தான் முதலில் தீரும்.

சிலர் டேபுக்குப் பதில் வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப்பில் ஏற்றித் தரலாமா என்று கேட்பார்கள். விண்டோஸ் லேப்டாப்பில் முன்பு முடிந்தது, 2024இல் புது ஆப் வந்தபோது அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். மேக்கில் கிடையாது. ஆண்ட்ராய்டு, ஐபோன், ஐபேட் இவைதான் நம் ஊரில் நடைமுறைக்கு ஒத்துவரும்.

எல்லா ஆப்பும் இதேபோல் நடந்துகொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் புதிதாக வருபவரை வாசலில் நிறுத்தும். ஸ்பாட்டிஃபை அப்படியில்லை, உள்ளே இருப்பவரை வெளியே தள்ளும். அங்கே ஐந்து டிவைஸ், ஒவ்வொன்றிலும் 10,000 பாட்டுவரை. ஆறாவதில் டவுன்லோட் செய்தால் மறுக்காது. உங்களுடையவற்றில் எதை வெகு நாளாகப் பயன்படுத்தவில்லையோ அதிலிருக்கும் டவுன்லோடுகளை எடுத்துவிடும். மலையில் நெட் இல்லாமல் கிடக்கும் போன்தான் அந்த வரிசையில் முதலில் மாட்டும் என்பதை அப்பாவின் பழைய பாட்டுகளை ஏற்றி வைத்திருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும். அதோடு 30 நாளுக்கு ஒருமுறையாவது அந்தப் போனை நெட்டில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு ஓடாது. பழைய போனைப் பட்டியலில் தேடி நீக்கும் வேலை இங்கே அவ்வளவாக வராது, அதுவே விலகிவிடும்.

கிண்டில் இன்னொரு மாதிரி. அங்கே கணக்குக்கு இத்தனை டிவைஸ் என்பதைவிட, ஒவ்வொரு புத்தகத்துக்கும் இத்தனை டிவைஸ் என்று பதிப்பாளர் வைக்கும் வரம்புதான் உறுத்தும், பெரும்பாலும் ஆறு. அதனால் ஒரு புத்தகம் இறங்கும், இன்னொன்று “License Limit Reached” என்று நிற்கும். கிண்டில் ஆப்பை அழித்து அழித்துப் போட்டவர்களின் கணக்கில் ஒரே போன் இரண்டாவது, மூன்றாவது ஆண்ட்ராய்டு டிவைஸ் என்று பலமுறை நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அமேசான் தளத்தில் “Manage Your Content and Devices” போய், “Devices” பட்டியலில் தேவையில்லாததைத் திறந்து “Deregister” கொடுத்தால் தீர்ந்தது. வாங்கிய புத்தகம் கணக்கிலேயே இருக்கும், எங்கும் போகாது.

இவ்வளவும் செய்த பிறகும் புது போன் மறுத்தால், செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். டிவைஸ் அதிகம் என்று வந்தால் மேலே சொன்னதில் ஏதோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது, பட்டியலை மறுபடி திறந்து பாருங்கள். ஒரே ஒரு படம் மட்டும் இறங்காமல், வருடாந்திர டவுன்லோட் வரம்பு என்று வந்தால் அது முற்றிலும் வேறு கதை. சில படங்களை வருடத்துக்கு இத்தனை முறைதான் இறக்கலாம் என்று உரிமையாளர்கள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். எந்தப் போனை நீக்கினாலும் அது தளராது. அதற்கு அப்பாவுக்கு வேறு படம்தான் ஏற்றித் தர வேண்டும்.